வரப்பில் நின்றவருக்கு ஒரு கானா

என் ஓரகத்தி மேல் எனக்குப் பொறாமை. இதை மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் கொழுந்தன் மினி வேன் ஓட்டுகிறவன். மெட்ராசுக்கு நெல் மூட்டை ஏற்றிப் போன இடத்தில், வியாசர்பாடியில் அவளைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவள் நிறத்துக்கோ நகைக்கோ நான் வயிறு எரியவில்லை. அவளுக்குப் பாட வரும். எனக்கும் பாட வரும். சங்கதி அவ்வளவுதான்.

நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். நிலம் கீழ்பென்னாத்தூர் பக்கம், மாமனாருடையது. நடவு வந்தால் கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கிவிடுவேன். பக்கத்து நிலங்களில் மெஷின் நடவு வந்துவிட்டது. எங்கள் கழனி தாழ்வானது, மெஷின் புதைந்துவிடும் என்பார் மாமனார். அது நிஜமா, பாட்டுக்காகச் சொன்ன சாக்கா, எனக்குத் தெரியாது. எங்கள் நடவுக்கு முன்பாட்டு நான். கல்யாணமாகி வந்த ரெண்டாம் நடவிலேயே அந்த இடத்தைப் பிடித்துவிட்டேன், விட்டுக்கொடுத்ததே கிடையாது.

நடவுப் பாட்டு என்றால் குரல் நன்றாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். குரலா முக்கியம்? குனிந்த முதுகோடு பாட வேண்டும். வயிறு மடங்கியிருக்கும், மூச்சு பாதிதான் கிடைக்கும். அதனால் வரியும் பாதிதான். இடது கையில் நாற்று முடி, வலது கை பிரித்துப் பிரித்து ஊன்றும். நான் ஒரு வரி பாட, எல்லாக் கையும் நடும். அவர்கள் அதைத் திருப்பிப் பாட, எல்லாக் காலும் ஒருசேரப் பின்னால் நகரும். பாட்டு தப்பினால் வரிசை கோணும். யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டோம். கேட்கிறவள் என்று அங்கே ஒருத்தியும் இல்லை, எல்லோரும் பாடுகிறவர்கள்தான். வெயில், இடுப்பு வலி, வேப்பமரத்துத் தூளியில் அழுகிற குழந்தை, சீர் கொண்டு வராத அண்ணன் என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு, அந்தக் கழனி நட்டு முடிகிற வரைக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

அதில் ருசியான பகுதி, வரப்பில் நிற்கிற நிலக்காரரை வாருவது. நேரில் வாய் திறக்க முடியாததைப் பாட்டில் திட்டலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது வழக்கம். எங்கள் வரப்பில் நிற்பவர் என் மாமனார். வீட்டில் அவர் எதிரில் கால் நீட்டி உட்கார்ந்தவள் இல்லை நான். கழனியில் இறங்கிவிட்டால் வேறு கதை.

*வரப்பு மேல நிக்கிறாரு மவராசா*
*வெள்ள வேட்டி கசங்காம மவராசா*
*கஞ்சிக்கு உப்பு கேட்டா மவராசா*
*கல்லுக் கல்லா எண்ணுறாரு மவராசா*

பின்னாலிருந்து அத்தனை பேரும் மவராசா, மவராசா என்று எடுப்பார்கள். அவர் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

இதற்குள்தான் அவள் வந்து சேர்ந்தாள். முதல் நடவிலேயே எங்களோடு இறங்கினாள், நாற்றைத் தலைகீழாகப் பிடிக்காத குறை. "மெட்ராசுப் பொண்ணே, நீ ஒண்ணு பாடேன்" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. "பாடட்டுமே" என்றேன், பெரிய மனசுக்காரி மாதிரி.

அவள் நிமிர்ந்து நின்றாள். அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு வருவது மெட்ராசுக் கானா, அதைக் குனிந்துகொண்டு பாட முடியாது. அதற்கு எதிரில் ஆள் வேண்டும், தட்ட ஒரு டோலக்கோ டப்பாவோ வேண்டும். நாற்று முடியைத் தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு பாடினாள். ஹார்பரில் மூட்டை தூக்குகிற ஒருத்தன், ஏமாற்றிவிட்டுப் போன ஒருத்தி, ஜெயில், சாராயம், கைவிடாத தோஸ்து. ஒரே ஆளின் கதை, அவன் வாயாலேயே. வரி நீளமாகப் போய்க் கடைசியில் நறுக்கென்று எதுகையில் விழும். அங்கே ஜனங்கள் விசில் அடிக்க வேண்டும். எங்கள் பெண்களும் அடித்தார்கள்! ஒருத்தி கையும் ஓடவில்லை. எல்லோரும் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாய் பார்த்தார்கள்.

"இன்னா, நடவா கச்சேரியா?" என்று வரப்பிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அது நின்னு கேக்கற பாட்டும்மா, இது நட்டுக்கினே பாட்றது" என்று சொல்லிவிட்டு என் வரியை எடுத்தேன். கைகள் ஓடின. அவள் சிரித்துக்கொண்டே குனிந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மண்ணாங்கட்டி.

அன்று சாயங்காலம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க, மாமனார் அவளை வாசலில் உட்கார வைத்துத் திரும்பப் பாடச் சொன்னார். அவரே பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து விரலால் தட்டினார்! என் பாட்டுக்கு ஒரு நாளாவது விரல் அசைத்திருக்கிறாரா? அவள் தன் அப்பா சாவு வீடுகளில் கானா பாடியவர் என்று சொன்னாள். அவர்கள் பக்கம் ஆள் செத்தால் உடலுக்குப் பக்கத்தில் டோலக்கோடு உட்கார்ந்து, பிறந்தது முதல் போனது வரைக்கும் அந்த ஆளைப் பற்றியே கட்டிப் பாடுவார்களாம். பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஆம்பளைகள்தானாம். இவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே கற்றுக்கொண்டாளாம்.

மாமனார் தட்டுவதை நிறுத்தினார். "சின்னவளே, நான் போனா நீ எனக்குப் பாடணும்மா."

கையிலிருந்த குண்டானை நங்கென்று வைத்தேன். "ஏன் மாமா, நான் பாட மாட்டனா?"

"நீயா? நீ பாடினா பொணத்தையும் இல்ல திட்டுவ!"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கருகிப்போன குண்டானின் அடியைத் தேய்த்தேன், தேய்த்தேன், கரி போன பிறகும் தேய்த்தேன். என் பாட்டைக் கேட்டு இத்தனை வருஷம் வரப்பில் நின்ற மனிதர், தனக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்றதும் அவளைக் கேட்டுவிட்டார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மாசி முடிவில் மாமனார் போய்விட்டார். மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே. காலையில் பந்தல் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மெட்ராஸ் சொந்தம் வந்த பிறகு எடுப்பது என்று பேச்சு. அவள் தம்பி டோலக்கோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். அவன் வருவதற்குள் நான் பாடிவிட வேண்டும் என்று ஒரு வெறி. உடல் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த மெட்டில் எடுத்தேன்.

*வரப்ப விட்டுப் போறாரு மவராசா...*

நிறுத்தினேன். பின்பாட்டு வரவில்லை. சுற்றிலும் என்னோடு நடுகிற அதே பெண்கள்தான். கை மடியில் கிடந்தது. கை ஓடாமல் அவர்களுக்கு வாய் வரவில்லை. பாதி வரி அந்தரத்தில் நின்றது. ஒப்பாரியாக மாற்றலாம் என்றால் அது வேறு இழுவை, எனக்கு வராது. மாமனாரின் தங்கை என்னை முறைத்தாள். "இன்னாடி இது, சாவு வீட்ல நடவுப் பாட்டு?" அந்த நிமிஷம் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

எழுந்து பின்கட்டுக்குப் போனேன். அவள் பின்னாலேயே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் மாமாவுக்குப் பாடணும். அவரப் பத்தி எனக்கு இன்னாக்கா தெரியும்? நேத்து வந்தவ நானு. நீ சொல்லுக்கா. ஆளப் பத்தித் தெரியாம கானா கட்ட முடியாது."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் பாட்டு வெறும் காற்றாகப் போயிருக்கும். ஆனால் எனக்கு அப்போது வேறொரு திமிர் வந்தது. அவரைப் பற்றி யாருக்கு ஜாஸ்தி தெரியும் என்று இவளுக்குக் காட்ட வேண்டும்! மாட்டுக்குத் தண்ணி காட்டாமல் தான் காபி குடிக்காதது, பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்துக்குப் பயந்து அமாவாசையில் மலை சுற்றப் போனது, எல்லாம் கொட்டினேன். கடைசியில் யாரிடமும் சொல்லாததையும் சொல்லிவிட்டேன். ஒரு நடவில் எல்லோரும் சோற்றுக்குக் கரையேறிவிட்டார்கள். நான் மட்டும் மூலையில் மிச்சத்தை நட்டுக்கொண்டே உப்புப் பாட்டை முணுமுணுத்தேன். வரப்பிலிருந்து மெல்லிய குரலில், என் மெட்டிலேயே, மாமனார் பதில் பாடினார்.

*உப்பு தரேன் ஊறுகா தரேன் பெரியவளே*
*ஒம் பாட்ட மட்டும் நிறுத்திடாத பெரியவளே*

நான் நிமிரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

டோலக் வந்தது. பறைக்காரர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்கள். "இது இன்னா மெட்ராசுப் பழக்கம்" என்று ரெண்டு பெரியவர்கள் முனகினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. முதலில் தாளமே இல்லாமல், அவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேசுகிற மாதிரி இழுத்தாள்.

*மல பக்கம் தல வெச்சுப் படுத்துக்கினியே மாமா*
*மாட்டுக்குத் தண்ணி காட்ட எந்திரிக்கலியே மாமா*

அப்புறம் டோலக் விழுந்தது. கூட்டம் சத்தமில்லாமல் கிட்டே நகர்ந்தது. ஒருத்தரும் கூடப் பாடவில்லை, எல்லோரும் கேட்டார்கள். அமாவாசை வரிக்கு அழுதுகொண்டே சிரித்தார்கள்.

*வரப்புல நின்னாரு, வம்பெல்லாம் கேட்டாரு*
*உப்பு கேட்ட மருமவளுக்கு ஊறுகாயும் தந்தாரு*
*பாட்ட நிறுத்தாதம்மான்னு பாட்டாவே சொன்னாரு*

என் புருஷன் அதுவரைக்கும் கல் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அந்த வரிக்குத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உடைந்து அழுதார். "எங்கப்பா பாடுவாரா? உனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்று அவளைத்தான் கேட்டார். "அக்காதான் சொன்னாங்க" என்று அவள் என்னைக் காட்டினாள். அவர் தலையாட்டினார், கண் அவளிடமே இருந்தது. என்னுடையது, எனக்கு மட்டும் என்று வைத்திருந்தது, அவள் வாயில் அவளுடையதாகிவிட்டது. அவளும் மறைக்காமல் என் பேரைச் சொல்லிவிட்டாள். நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட வழி வைக்கவில்லை பாவி.

அடுத்த நடவுக்கு வரப்பில் என் புருஷன் நின்றார், அதே குடையோடு. பெண்கள், "ஆரம்பிடி" என்றார்கள். வரப்பு மேல நிக்கிறாரு மவராசா என்று எடுத்தேன். ஒரு சொல்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவருக்கும் அது பொருந்தியது. வரப்பில் யார் நின்றாலும் அது பொருந்தும். என் புருஷன் தன்னைத்தான் பாடுகிறார்கள் என்று இளித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. கையெல்லாம் சேறு, துடைக்க முடியவில்லை, வரியையும் விட முடியவில்லை. பின்பாட்டில் அவள் குரல் தனியாகத் தெரியாமல் மற்றவர்களோடு கலந்து வந்தது. பரவாயில்லை, பழகிக்கொண்டுவிட்டாள்.

சோற்றுக்குக் கரையேறியபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அன்னிக்கு மாமாவுக்குப் பாடினியே, அத இன்னொரு வாட்டி பாடேன்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள். "அது எப்பிடிக்கா? அங்கியே வாயில வந்தத வெச்சுக் கட்னது. அவர எடுத்ததும் போச்சு. எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லக்கா."

எனக்கு ஒரு வரி விடாமல் ஞாபகம் இருந்தது.