நாலு இலக்கமும் ஒன்றாக எரிவதில்லை

எட்டக்கா என்று நாங்கள் கூப்பிடும் பெண்மணி என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் பட்டறை ஆரம்பித்த இரண்டாவது மாதம் வேலைக்கு வந்தார். பத்தொன்பது வருஷமாக ஜன்னலோரத்து சோல்டரிங் மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பட்டப்பெயருக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. டைமரில் டிஸ்ப்ளேயைப் பொருத்தி முடித்ததும் நாலு இடத்திலும் எட்டு போட்டுப் பார்ப்பார். எட்டில்தான் ஏழு கோடும் எரியும், ஒரு கோடு செத்திருந்தாலும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். அவர் கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். மகள் பத்தாம் வகுப்பு. மகளுடைய கணக்கு நோட்டில் தப்பு இருந்தால் சமையலறையிலிருந்தே கண்டுபிடிப்பார் என்று அவர் கணவர் பெருமையடித்துக்கொள்வார். அந்த மனுஷன் பெருமையடித்ததை நான் ஒரு நாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. முதலாளி என்றால் காது கொஞ்சம் மந்தமாகிவிடும் போலிருக்கிறது.

நாங்கள் செய்வது அடுப்பு டைமர். நிமிஷமும் நொடியுமாக நாலு இலக்கம் காட்டும், நேரம் முடிந்தால் கத்தும். விலையைக் கட்டுப்படுத்த எட்டுக் கால், அதாவது எட்டு பின் மட்டுமே உள்ள சின்னச் சிப்பைப் போடுகிறோம். அதில் இரண்டு கால் மின்சாரத்துக்குப் போய்விடும், ஒன்று ரீசெட்டுக்கு. மிச்சம் ஐந்து. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் தனி ஒயர் இழுத்தால் நாலு இலக்கத்துக்கு இருபத்தெட்டு ஒயர் வேண்டும். எனவே நாலுக்கும் கோடுகளைப் பொதுவாக்கி, எந்த இலக்கம் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க நாலு டிரான்சிஸ்டர் வைப்போம். அப்போதும் ஐந்து கால் போதாது. அதனால் இரண்டு ஷிப்ட் ரிஜிஸ்டர் சிப்பை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மூன்றே ஒயரில் எல்லாவற்றையும் வரிசையாக உள்ளே தள்ளிவிடுவோம். மிச்சமிருக்கும் இரண்டு காலில் ஒன்று பட்டனுக்கு, ஒன்று பஸ்ஸருக்கு.

ஆக, நாலு இலக்கமும் ஒரே நேரத்தில் எரிவதே கிடையாது. முதல் இலக்கம் ஒரு கணம் எரிந்து அணையும், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, மறுபடி முதல். வேகமாகச் சுற்றுவதால் நம் கண் ஏமாந்துபோய் நாலும் சேர்ந்து எரிவதாக நினைத்துக்கொள்கிறது. இந்தச் சுற்றை ஓட்டும் புரோகிராமை எங்களிடம் இருந்த புரோகிராமர் எழுதி வைத்திருந்தான். கெட்டிக்காரன்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. எந்த எண்ணுக்கு எந்தக் கோடு என்ற பட்டியலை மட்டும் எட்டக்கா எழுதிக் கொடுத்தார். ஒயர் எது எங்கே போகிறது என்பது அவருக்குத்தானே தெரியும்.

மூன்று மாதம் முன்பு புரோகிராமர் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான். அதே வாரம் ஒரு ரொட்டிக் கம்பெனி நாற்பது டைமர் கேட்டது. ஒரே பட்டனில் நேரம் ஏற்றவும், அழுத்திப் பிடித்தால் ஓடவும் புதிதாக எழுத வேண்டும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

"நான் எழுதறேன் சார்" என்றார் எட்டக்கா, சோல்டரிங் கம்பியைக் கீழே வைக்காமலே.

"நீங்களா அக்கா? இது என்ன ஈயம் வைக்கிற வேலையா?"

"அவர் முதுகுக்குப் பின்னாடிதான் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். வீட்டுல மக கம்ப்யூட்டர்ல நானே எழுதிப் பார்த்திருக்கேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் ஒரு புதுப் பட்டதாரிப் பையனிடம், திங்கட்கிழமை சேர்ந்துகொள் என்று சொல்லிவைத்தேன். அக்காவிடமும் ஒளிக்கவில்லை. வியாழக்கிழமை ரொட்டிக் கம்பெனியிலிருந்து சரிபார்க்க வருகிறார்கள், டைமர் தேறினால் புரோகிராமர் நாற்காலி உங்களுடையது, தேறவில்லை என்றால் அந்தப் பையனுடையது என்றேன். கூடவே ஒரு கண்டிஷனும் போட்டேன்.

"இலக்கத்தை ஒண்ணொண்ணாச் சுத்தி எரியவைக்க அவன் எழுதின ஸ்கேன் பகுதியில மட்டும் கை வச்சிடாதீங்க. அது நல்லா ஓடுது."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு "சரி சார்" என்று விட்டுவிட்டார்.

வியாழன் காலை பத்து மணிக்கு அந்தக் கம்பெனியின் தரப் பிரிவுப் பெண் வந்தார். சின்ன வயது, கறாரான முகம். பட்டனை அழுத்தினார், நேரம் ஏறியது. பிடித்தார், ஓடியது. ஸ்டாப் வாட்சை வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார், நொடி பிசகவில்லை. நான் டீக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் போனை எடுத்து டைமரைப் படம் பிடித்தார்.

"சார், இது என்ன?"

படத்தில் 12:34 இல்லை. இரண்டு மட்டும் பளிச்சென்று இருந்தது, மூன்று அரைகுறையாகத் தெரிந்தது. மற்ற இரண்டு இடமும் இருட்டு. இன்னொரு படம் எடுத்தார். இந்தத் தடவை நாலு மட்டும்.

"எங்க ரொட்டிக் கூடத்துல ஒவ்வொரு அடுப்பு ஏத்தும்போதும் டைமரைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பணும் சார். இதை வச்சு நான் என்ன பண்றது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் வந்தால் எனக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

"இதுக்குத்தான் சொன்னேன்! ஈயம் வைக்கிறவங்க ஈயம் வைக்கணும். ஆறு வருஷம் முதுகைப் பார்த்தா புரோகிராம் வந்துடுமா? என் பேரைக் கெடுக்கறதுக்குன்னே உட்கார்ந்தீங்களா?"

எட்டக்காவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"சார், ஷெல்ப்ல பழைய டைமர் ஒண்ணு இருக்கு. முன்னாடி இருந்த புரோகிராமர் செஞ்சது. அதையும் படம் எடுக்கச் சொல்லுங்க."

அந்தப் பெண் அதையும் எடுத்தார். அதிலும் ஒன்றரை இலக்கம்தான் தெரிந்தது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு இலக்கத்துக்கு அஞ்சு மில்லி செகண்ட் வச்சிருக்காரு. நாலும் சுத்தி வர இருபது ஆகுது. போன் இந்த வெளிச்சத்துல நாலு மில்லி செகண்டுதான் கண்ணைத் திறக்கும். அந்த நேரத்துல எது எரியுதோ அதைத்தான் பிடிக்கும்." அக்கா என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் பேசினார். "தலையை ஆட்டிப் பார்த்தாலே தெரியும் மேடம், எண் எல்லாம் குதிக்கும். ரெண்டு வருஷம் முன்னாடியே நான் சொன்னேன்."

சொன்னார்தான். டிஸ்ப்ளே நடுங்குது சார் என்றார். நானும் புரோகிராமரும் விழுந்து விழுந்து சிரித்தோம், வயசாகிடுச்சு அக்கா, கண் டாக்டரைப் பாருங்க என்றோம். அந்த அம்மாள் நிஜமாகவே அரை நாள் லீவு போட்டுக் கண் டாக்டரிடம் போய் வந்தார். கண்ணில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாக வந்து சொன்னபோதும் நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போது எனக்கே காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது.

"மேடம், ரெண்டு மணி நேரம் கொடுங்க" என்றார் அக்கா. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, மதியச் சாப்பாட்டை முடிச்சுட்டு வரேன்" என்று கிளம்பினார்.

அக்கா புரோகிராமர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "அந்தப் பகுதியில கை வைக்கலாமா சார்?" என்று கேட்டார். குத்திக்காட்டினாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஐந்து மில்லி செகண்டை அரை மில்லி செகண்டாக்கினார். ஒரு நொடிக்கு ஐம்பது சுற்று சுற்றியது ஐந்நூறு ஆயிற்று. சிப்பைச் சாக்கெட்டில் செருகி என் போனில் படம் எடுத்தோம். நாலு இலக்கமும் முத்துமுத்தாக இருந்தன. நான் கை தட்டப் போனேன்.

"இருங்க சார். ஓடலையே."

12:34 அப்படியே நின்றது. ஒரு நிமிஷம் பார்த்தோம், நொடி நகரவே இல்லை. கடைசியில் அக்கா நெற்றியில் தட்டிக்கொண்டார். பழைய புரோகிராம் அதே துடிப்பை எண்ணித்தான் நொடியைக் கணக்கிட்டது. ஐந்து மில்லி செகண்ட் துடிப்பு இருநூறு வந்தால் ஒரு நொடி. இப்போது துடிப்பு பத்து மடங்கு, அதனால் இவர் இரண்டாயிரம் என்று மாற்றியிருந்தார். ஆனால் எண்ணும் இடம் ஒரே ஒரு பைட், இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டினால் சுழியத்துக்குத் திரும்பிவிடும். இரண்டாயிரத்தை அது எந்தக் காலத்தில் எட்டுவது?

"பத்துத் துடிப்பை ஒண்ணாச் சேர்த்துட்டு, பழைய இருநூறையே விட்டுடறேன்" என்றார். நொடி ஓடியது.

அதற்குள் அடுத்த வம்பு. 11:18 வந்தபோது எட்டுக்கு இடப்பக்கத்து ஒன்றின் மேல் இன்னொரு எட்டு மங்கலாகப் படிந்திருந்தது, அழித்த எழுத்து தாளில் தெரிகிற மாதிரி. டிரான்சிஸ்டர் மோசம், நாற்பதையும் கழற்ற வேண்டியதுதான் என்று நான் புலம்ப ஆரம்பித்தேன்.

"டிரான்சிஸ்டர் நல்லாத்தான் இருக்கு. அணையறதுக்கு அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அது அணையறதுக்குள்ள நாம அடுத்த எண்ணோட கோட்டைப் போட்டுடறோம். மெதுவா ஓடினப்பவும் இது இருந்துச்சு, கண்ணுக்குத் தெரியலை. இப்ப அடிக்கடி மாறுதில்ல, சேர்ந்து தெரியுது."

ஒவ்வொரு இலக்கத்துக்கும் நடுவே எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்து, இம்மி நேரம் விட்டு, அப்புறம் அடுத்ததை ஏற்றினார். ஆவி மாதிரி படிந்திருந்த எட்டு போய்விட்டது. வெளிச்சம் துளி குறைந்ததை அவர்தான் சொன்னார், எனக்குத் தெரியவில்லை. இரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்தபோது ஏழு டைமருக்குச் சிப் மாற்றி வரிசையாக அடுக்கியிருந்தார்.

அந்தப் பெண் ஏழு டைமரையும் படம் எடுத்தார். ஜன்னலோரம் வைத்தும் எடுத்தார். எல்லாவற்றிலும் நாலு இலக்கமும் இருந்தன.

"சுட்டெரிக்கிற வெயில்ல எடுத்தா இதுலயும் ஒண்ணு ரெண்டு விடும் மேடம். உள்ள எடுக்கச் சொல்லுங்க" என்றார் அக்கா. விற்கிற நேரத்தில் குறையைச் சொல்கிறாரே என்று நான் பதறினேன்.

"ரொட்டிக் கூடத்துல ஏதுங்க வெயில்?" என்று அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தார். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யார் இதை எழுதியது என்று என்னைக் கேட்டார்.

"இவங்கதான். நான்தான் இவங்களைத் தடுத்துக்கிட்டிருந்தேன்" என்றேன். பத்தொன்பது வருஷத்தில் அக்காவைப் பற்றி வெளியாள் முன்னால் நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அதுவும் பாதி என்னைத் திட்டிக்கொண்டது.

அவர் போன பிறகு அக்காவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

"அக்கா, காலையில பேசினது தப்பு. அந்தக் கண் டாக்டர் விஷயமும் தப்பு. நாற்காலி உங்களுது. அந்தப் பையனுக்கு இப்பவே போன் பண்ணி, வேணாம்னு சொல்லிடறேன்."

போனை எடுத்து எண்ணையும் அழுத்திவிட்டேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினார்.

"வேணாம்னு சொல்லாதீங்க சார். திங்கட்கிழமை வரச் சொல்லுங்க. சோல்டரிங் மேஜை காலியாத்தானே இருக்கு."