பன்னிரண்டு கட்டுப் புதினா

ஊரூர் குப்பத்து ஜான்சி பெசன்ட் நகர் கடற்கரை ஓரம் பதினேழு வருடமாக மீன் வறுத்துச் சோறு போடுகிறாள். போன சித்திரையில் நாலு கடை தள்ளி சகினா பிரியாணி அண்டாவை இறக்கினாள். அன்றிலிருந்து ஜான்சிக்கு எதுவும் இறங்கவில்லை. தினமும் வஞ்சிர மீன் கேட்கும் ஆட்டோக்கார கங்காதரன்கூட ஒருநாள், "வாசனையே இழுக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு அங்கே போனான்.

அந்த வாசனையின் மேல்தான் ஜான்சிக்கு எரிச்சல்.

சைதாப்பேட்டை மார்க்கெட்டில், கீரை விற்கும் சங்கரனிடம்தான் இருவரும் வாங்குவார்கள். சகினா ஒவ்வொரு கட்டையும் பிரித்து முகர்வாள். வேரோடு இருக்கும் சின்ன இலைக் கொத்தமல்லியாகப் பார்ப்பாள். இஞ்சியை ஒடித்துப் பார்ப்பாள். பூண்டை விரலால் அழுத்துவாள், முளை விட்டதை ஒதுக்குவாள். கடைசியில் அன்றைக்குத் தேவையான நாலு கட்டுப் புதினாதான். 'பெரிய மகாராணி!' என்று ஜான்சி பல்லைக் கடிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே ஜான்சி மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். முகூர்த்த நாள், மார்க்கெட்டில் வேறெங்கும் புதினா இல்லை.

"சங்கரா, புதினா எவ்ளோ கீது?"

"பன்னெண்டு கட்டு. மீனுக்கு இன்னாத்துக்குக்கா அம்மாம்?"

"கேள்வி கேக்காத. அல்லாத்தையும் போடு."

பிரித்துப் பார்க்கவில்லை. வழக்கமான கால் கிலோ பூண்டு, நூறு கிராம் இஞ்சி, ஒரு பிடி கறிவேப்பிலையோடு கிளம்பினாள்.

ஏழு மணிக்கு ஜான்சியின் கடை முன் சகினா வந்து நின்றாள். "அக்கா, புதினா மொத்தமும் உங்க கிட்ட கீதாமே. ஒரு நாலு கட்டு குடுங்க."

இல்லை என்று சொல்லத்தான் ஜான்சி நினைத்தாள். கேட்டு வந்தவளுக்குத் தன் கையால் கொடுக்கும் பெருமை வென்றது. "எடுத்துக்கோ" என்று கூடையைத் தள்ளினாள்.

சகினா ஒரு கட்டை அவிழ்த்தாள். வெளியே பச்சை, உள்ளே தண்ணீர் கோத்துக் கறுத்த இலைகள். இன்னொன்று. அதுவும் அப்படித்தான்.

"நேத்து சரக்குக்கா. தண்ணி தெளிச்சு வெச்சிருக்கான். இதப் போட்டா அண்டாவே கசக்கும்." குரலில் குத்தல் இல்லை. அதுதான் ஜான்சியைச் சுட்டது. தேடித் தேடி நல்லதாக இரண்டு கட்டு மட்டும் எடுத்து, காசை வைத்துவிட்டுப் போனாள். அன்று கொத்தமல்லியைக் கூட்டிப் போட்டாளாம். இரண்டு மணிக்கெல்லாம் அண்டா காலி.

ஜான்சி மிச்சத்தை உட்கார்ந்து ஆய்ந்தாள். பத்துக் கட்டிலும் முக்கால்வாசி அழுகல். தேறியதைப் பச்சை மிளகாய், பூண்டோடு அரைத்துச் வஞ்சிர மீனில் தடவி வறுத்தாள். கங்காதரன் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றான். "புச்சா கீதுக்கா!"

அவளுக்குச் சந்தோஷம்தான். அவன் கையிலிருந்த பிரியாணிப் பொட்டலத்தைப் பார்க்கும்வரை.

மறுநாள் சங்கரன் கடையில் அவள் ஒரே ஒரு கட்டை எடுத்து, பிரித்து, காம்புவரை பார்த்து, முகர்ந்தாள். பக்கத்தில் சகினா நின்றிருந்தாள். ஜான்சி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.