இரண்டு செங்கலும் ஒரு வலைக்கயிறும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கோடுகள் வெட்டியிருக்கும். சக்கரத்தின் அச்சு எந்தக் கோட்டில் நிற்கிறதென்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கியபோது அது இடப்பக்கம் நாலாவது கோட்டிலும் வலப்பக்கம் மூன்றாவது கோட்டிலும் நின்றது. கோணலாகத் தொங்கும் காலண்டரைக்கூட நேராக்காமல் எனக்குச் சோறு இறங்காது. செயின் தொய்ந்த அன்று நானே ஸ்பானரை எடுத்து, இரண்டு பக்கத்தையும் ஐந்தாவது கோட்டில் நிறுத்தினேன். தராசு முள் மாதிரி நின்றது. ஒரு பாட்டு முடிந்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாளிலிருந்து வண்டி இடப்பக்கம் இழுத்தது.

என் மனைவிக்கு விழிதியூர்ப் பள்ளியில் வேலை. தலத்தெருவிலிருந்து தினமும் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். புடவை கட்டுகிறவள், இரு கால்களையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்வாள். இடப்பக்கம் உட்காருகிறாள், இடப்பக்கம் இழுக்கிறது, இதில் என்ன ஆராய்ச்சி? அவளிடம் சொல்லவில்லை. வலப்பக்கம் ஒரு கான்வாஸ் பையைத் தொங்கவிட்டு அதில் இரண்டு செங்கல் போட்டேன்.

இரண்டு மாதம் செங்கலோடு ஓடியது. ஒருநாள் பின்னால் ஏறி உட்கார்ந்தவள், டிபன் பாக்ஸ் வைக்க இடம் தேடிப் பையைத் திறந்துவிட்டாள்.

"இது என்னங்க?"

"பேலன்சுக்கு."

"எதுக்கு பேலன்ஸ்?"

நான் வாயைத் திறக்குமுன் அவளுக்குப் புரிந்துவிட்டது. இறங்கினாள்.

"எனக்கு எடைக்கு எடை செங்கல்லா? நல்லா இருக்குங்க. நாளையிலேருந்து நான் பஸ்ல போறேன். செங்கல்ல ஏத்திக்கிட்டு நீங்க போங்க."

நாலு நாள் பஸ்ஸில் போனாள். ரசம் வந்தது, பேச்சு வரவில்லை. அந்த நாலு நாளும் நான் செங்கலை எடுத்துவிட்டுத் தனியாகத்தான் ஓட்டினேன். அப்போதும் வண்டி இடப்பக்கமே இழுத்தது. அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

சனிக்கிழமை அவளே என்னை மெக்கானிக்கிடம் அழைத்துப் போனாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவர் கடை; சொந்த ஊர் கருக்களாச்சேரி, மீனவர் கிராமம். செங்கல் பையும் கூடவே வந்தது. சாட்சிப் பொருளாம்.

"தம்பி, நான் உட்காந்ததாலதான் இழுக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். "கோடு ரெண்டு பக்கமும் சரியாத்தான் இருக்கு." நான் மார்பை நிமிர்த்தினேன். அவர் செயின் கவரைக் கழற்றி, பல்சக்கரத்தில் விரலை ஓட்டினார். "இங்க பாருங்கக்கா. பல்லு ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கு. செயின் தட்டையும் உள்ளுக்குள்ள அராவியிருக்கு. டயரும் ஒரு ஓரமாத் தின்னிருக்கு. இப்படியே ஓட்டினா பேரிங்கும் போயிரும்."

பிறகு ஆணியில் மாட்டியிருந்த வலைக்கயிற்றை எடுத்தார். சென்டர் ஸ்டாண்டில் வண்டி. பின்டயரின் பின்புறம் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனைகளையும் தரையை ஒட்டி முன்சக்கரம் தாண்டிக் கொண்டுபோனார். கட்ட ஏதாவது தேடினார். என் மனைவி இரண்டு செங்கலையும் எடுத்துக் கொடுத்தாள்.

கயிறு விறைத்தது. பின்டயரின் முன்விளிம்பை இரண்டு பக்கமும் லேசாகத் தொடும்படி செங்கல்களை நகர்த்தி வைத்தார். முன்சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தேன். இடப்பக்கக் கயிறு முன்டயரை உரசியது. வலப்பக்கம் ஒரு விரல் இடைவெளி.

"பின்வீலு மூக்கு வலப்பக்கம் பாக்குது சார். வாங்கறப்ப கோடு எப்படி இருந்துச்சு?"

"இடது நாலு, வலது மூணு. ஒழுங்கில்லாம இருந்துச்சு. நான்தான் சரிபண்ணேன்."

ஸ்விங் ஆர்மின் பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார். அடியில் பழைய வெல்டிங் தழும்பு. "விழுந்து ஒட்டுன வண்டி. ஆர்மே கோணல், கோடு சரியா நின்னா வீலு கோணிக்கும். முன்ன ஓட்டுனவரு கயிறு பிடிச்சுத்தான் அப்படி வச்சிருப்பாரு. நீங்க கோட்ட நம்பிட்டீங்க."

"அதெல்லாம் சரி," என்றாள் என் மனைவி, என்னை மட்டும் பார்த்து. "நாலு நாளா நான் ஏறல. அப்ப இழுத்துச்சா, இல்லையா?"

முன்சக்கரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இழுத்துச்சு."

"சத்தமா. தம்பிக்குக் கேக்கல."

"இழுத்துச்சு," என்றேன். மெக்கானிக் அவசரமாக ஸ்பானரைத் தேடினார்.

வலப்பக்கத்தை ஒரு கோடு முன்னால் தள்ளினார். கயிற்றை மறுபடி பிடித்தார். முன்டயரின் இருபுறமும் ஒரே இடைவெளி. செயின் தொய்வை விரலால் தூக்கிப் பார்த்து, அச்சு நட்டை முறுக்கினார். பல்சக்கரமும் செயினும் சேர்த்து மாற்ற வேண்டும், டயர் கொஞ்ச நாள் தாங்கும் என்றார்.

வண்டியைக் கிளப்பினேன். அவள் இடப்பக்கம் ஏறி, வழக்கத்தைவிட நன்றாகவே சாய்ந்து உட்கார்ந்தாள். கடற்கரைச் சாலைவரை போனோம். கைப்பிடி நேராக நின்றது.

"இழுக்குதா?"

"இல்லம்மா."

"செங்கல் எங்க?"

"கடையிலேயே விட்டுட்டேன்."

"திரும்பிப் போங்க," என்றாள். "கொல்லையில கறிவேப்பிலைக்கு அணை வைக்கணும். வலப்பக்கமே தொங்க விடுங்க. அப்பவும் நேராப் போகுதான்னு பாப்போம்."