சல்லடையில் தங்கிய கம்பெனி

எங்கள் பங்குத் தரகு அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சல்லடை அக்கா. வைத்தவன் நான்தான், பக்கத்து நாற்காலிக்காரனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி? காலையில் வந்ததும் கணினியில் ஸ்கிரீனர் என்ற பங்குச் சல்லடையைத் திறந்து, சந்தையில் இருக்கும் ஆயிரக்கணக்கான கம்பெனிகளையும் சலிக்கத் தொடங்குவார். பங்கின் விலை, ஒரு பங்குக்குக் கிடைத்த லாபத்தைப்போலப் பத்து மடங்குக்குள் இருக்க வேண்டும். கடன், சொந்த மூலதனத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அந்த மூலதனத்துக்கு நூற்றுக்கு இருபது ரூபாயாவது லாபம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு பெருங்கூட்டம் உதிரும். கடைசியில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் மிஞ்சும்.

நாங்களாக இருந்தால் அத்தோடு வாடிக்கையாளருக்குப் போன் போட்டுவிடுவோம். அக்காவுக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பம். மிஞ்சிய ஒவ்வொரு கம்பெனியின் கணக்கறிக்கையையும் எடுத்து, பின்பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளைப் படிப்பார். “ஸ்கிரீனருக்கு நம்பர் மட்டும்தான்டா தெரியும். அந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கத் தெரியாது” என்பார். உதிர்ந்ததையும் சும்மா விட மாட்டார். வங்கிகளுக்குக் கடன் வாங்கிக் கடன் கொடுப்பதுதான் பிழைப்பு, அந்தக் கடன் நிபந்தனை நல்ல வங்கியையும் தள்ளிவிடும் என்று, அவற்றைத் தனியாக ஒருமுறை பார்ப்பார். பக்கத்தில் இருந்து பார்க்கிற எனக்கே கொட்டாவி வரும்.

அவருடைய வீட்டுக்காரர் பாட்டில் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் அக்காவை அழைத்துப்போக வருவார். வந்தால் கை சும்மா இருக்காது. என் மேஜையில் இறைந்து கிடக்கும் பேனாக்களை வரிசையாக அடுக்கிவைப்பார். சில மாதங்களாகக் கொஞ்சம் சீக்கிரமே வந்துகொண்டிருந்தார். வேலை குறைவு என்றார், நாங்களும் நம்பினோம்.

அன்று பட்டியலின் உச்சியில் நின்றது மாமாவின் கம்பெனி. விலை எண்பது, பங்குக்கு லாபம் இருபது. நாலே மடங்கு! கடன் ஏறக்குறைய இல்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் முழுவதையும் அதில் போட்டு, மாமாவின் பிறந்த நாளுக்குச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

“இருபது வருஷமா அங்க உழைக்கிறார்டா. அவரும் ஒரு சின்ன முதலாளியா இருக்கட்டுமே.”

குறிப்பு படித்தாயிற்றா என்று கேட்டேன். வீட்டு ஆளுடைய கம்பெனிக்கு எதற்குக் குறிப்பு என்றார். எத்தனை நாள் அதே விஷயத்துக்காக என்னை வறுத்தெடுத்திருக்கிறார்! கிடைத்த வாய்ப்பை விடுவேனா? நானே அறிக்கையைத் திறந்து, அவர் முன்னால் திருப்பி வைத்தேன்.

சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கியவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். பாட்டில் பிரிவின் நிலமும் இயந்திரங்களும் விற்கப்பட்டன. அங்கே உற்பத்தி நிறுத்தப்பட்டது. கிடைத்த தொகையில் கடன் அடைக்கப்பட்டது. விற்றதில் வந்த லாபம் ‘இதர வருமானம்’ என்று மொத்த லாபத்தில் சேர்ந்திருந்தது. ஸ்கிரீனர் அதையும் சம்பாத்தியமாகவே எடுத்துக்கொண்டது.

அக்கா அதைக் கழித்துப் பார்த்தார். பங்குக்கு லாபம் இருபது இல்லை, நாலு. “இருபது மடங்கு விலை. நம்ம சல்லடையில நிக்கவே நிக்காது” என்றார், வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“தினம் காலையில டிபன் கட்டிக் கொடுக்கிறேன்டா. எங்க உக்காந்து சாப்பிடுறாரோ.”

வேலை போனபோது கம்பெனி கொடுத்த தொகையை மாதாமாதம் பிரித்து, சம்பளம் என்று வீட்டில் கொடுத்துவந்திருக்கிறார் அந்த மனிதர். அது பிறகு தெரிந்தது. அக்காவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் கழுவிவிட்டு வந்து, மற்ற கம்பெனிகளின் குறிப்புகளைப் படிக்க உட்கார்ந்தார்.

சாயங்காலம் மாமா வந்தார். டிபன் பாக்ஸ் கழுவிச் சுத்தமாக இருந்தது. வழக்கம்போல என் பேனாக்களை அடுக்கத் தொடங்கினார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நாளையிலேருந்து மத்தியானம் இங்க வந்துடுங்க. சேர்ந்து சாப்பிடலாம்.”

“கம்பெனியில எப்படி விடுவாங்க...” என்று ஆரம்பித்தார் மாமா.

“உங்க கம்பெனிக்கு நல்ல லாபம்னு வந்திருந்துச்சு. நான் குறிப்பையும் படிச்சேன்.”

மாமாவின் கையில் ஒரு பேனா அப்படியே நின்றது. நான் எழுந்து என் நாற்காலியை அவருக்குப் போட்டேன். அக்கா டிபன் பாக்ஸை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா பெரிய டிபன் கேரியராகக் கொண்டுவந்தார்.