அறுநூறு ரூபாய் அதிகம்

ஏற்காட்டில் ஒரு லாட்ஜின் சமையலறைச் சாமான்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஐந்தாம் வகுப்புதான் படித்தேன் என்றாலும் கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்று சில்லறைச் செலவுப் பெட்டியையும் என்னிடமே கொடுத்திருந்தார்கள். மாதத் தொடக்கத்தில் பெட்டியில் ஐயாயிரம் இருக்கும். கொடுத்ததற்கெல்லாம் வவுச்சர் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கடைசியில் வவுச்சர் தொகையும் பெட்டியில் மீதி இருப்பதும் சேர்ந்தால் அதே ஐயாயிரம் வர வேண்டும்.

மாரமங்கலத்திலிருந்து ஒருத்தி செவ்வாய்க்கிழமைதோறும் கூடையில் பட்டர் புரூட்டும் கீரையும் கொண்டுவருவாள். வாரம் நூற்றைம்பது ரூபாய். பணத்தை எண்ணி வாங்கிக் கைநாட்டு வைப்பாள். பிறகு அதை என் கையிலேயே திணிப்பாள்.

"நீங்களே வெச்சுக்கங்கக்கா. ஒண்டிக்கடை ஸ்டாப்புல எம்பட ஊட்டுக்காரன் நின்னுக்கிட்டிருப்பான். பஸ்ஸுல இருந்து எறங்கறதுக்குள்ள கையைப் புடிச்சுப் பாப்பான்."

சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு மாதச் சாப்பாட்டுப் பணம் அது. மாதம் முடிந்ததும் மொத்தமாக வாங்கிக்கொண்டு நேரே சேலத்துக்குப் போய்க் கட்டிவிட்டு வருவாள். நான் தங்கியிருந்த அறையில் நாலு பேர். பூட்டு இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான். துணியில் முடிந்து அதில் போட்டு வைத்தேன். ஒரு மாதம் சில்லறை போதாமல் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். மறுபடி முடிச்சுப் போடவில்லை, அவள் பணம் பெட்டிப் பணத்தோடு கலந்துவிட்டது.

மாதக் கடைசியில்தான் வருவார் என்றிருந்த அக்கவுண்ட்ஸ் சூப்பர்வைசர் இரண்டு நாள் முன்னாலேயே வந்து நின்றார். என் மகன் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். வவுச்சர்களைக் கூட்டினார், மூவாயிரத்து எண்ணூற்று எழுபது. பெட்டியில் ஆயிரத்து நூற்று முப்பது இருக்க வேண்டும். எண்ணினால் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.

"ஐநூத்தி அறுபது அதிகமா இருக்குதுங்கம்மா. கொறைஞ்சாலாவது ஏதோ மறந்துட்டீங்கன்னு சொல்லலாம். அதிகமா எங்கிருந்துங்க வரும்?"

முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன். அவருக்கு முன்னால் எப்படித்தான் நின்றேனோ.

"நெதானமாச் சொல்லுங்க. வவுச்சர் போடாமச் செலவு பண்ணுனது ஏதாச்சும் இருக்குங்களா?"

அப்போதுதான் நினைவு வந்தது. மழையில் காஸ் சிலிண்டர் இறக்கிய இரண்டு பேருக்கு இருபது இருபதாகக் கொடுத்திருந்தேன். லாரி கிளம்பிவிட்டதால் கைநாட்டு வாங்கவில்லை. சொன்னேன். கேட்டில் நிற்கும் பையனும் அதைப் பார்த்ததாகச் சொன்னதால் அவரே ஒரு வவுச்சர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப இப்போ அறுநூறுங்க அதிகம். சரியா அறுநூறு!" பேனாவை மூடினார். "இது யாரோடதுங்க?"

கீரைக்காரியுடையது என்றேன். நாலு வவுச்சர்களையும் எடுத்து வரிசையாக வைத்தார். நாலிலும் அவள் கைநாட்டு.

"நீங்க சொல்றது ஒத்துப்போவுதுங்க. ஆனா காயிதத்துல அவங்க வாங்கியாச்சு. வாங்குன பணம் கம்பெனிப் பெட்டிக்குள்ள ஏன் திரும்ப வந்துச்சுன்னு அவங்களே மேனேஜர்கிட்ட வந்து எழுதித் தரணும். தந்தா விட்டுர்றேன். இல்லாட்டி இதை வேற வரவுல எழுதி ஆபீசுல கட்டிருவேன்."

எழுதித் தருவதென்றால் புருஷன் பிடுங்குகிற கதையை எழுத வேண்டும். மேனேஜர் அறையில் அவன் பங்காளி ஒருவன் காபி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். அன்றே புருஷன் காதுக்குப் போய்விடும்.

"வேணாஞ் சாமி. வரவுலயே எழுதிக்கங்க" என்றேன்.

அவர் பேனாவை மறுபடி திறந்தார். எழுதினார். பெட்டிச் சாவி அன்றைக்கே மேனேஜர் மேசைக்குப் போனது. "உங்க மேல சந்தேகம் இல்லீங்கம்மா" என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொன்னதுதான் எனக்கு வலித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் சம்பளத்திலிருந்து அறுநூறு எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"என்னுங்கக்கா, மடிப்புக் கலையாத நோட்டா இருக்குது. நீங்களே அச்சடிச்சீங்களா?" என்று சிரித்தாள். அப்புறம் அன்றைய நூற்றைம்பதை வழக்கம்போல என் கையில் வைத்தாள்.

"இனிமே பெட்டி எங்கிட்ட இல்ல கண்ணு."

"உங்க அறையில?"

நாலு பேர் இருக்கும் அறை, பூட்டில்லாத தகரப் பெட்டி. தொலைந்தால் நானே மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு என் சம்பளத்தில் இடமில்லை. பணத்தை அவள் கையிலேயே திருப்பி வைத்தேன். அவள் நோட்டுகளைச் சுருட்டி இடுப்பில் செருகினாள், எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள், மறுபடி எடுத்துக் கூடைச் சும்மாட்டுக்குள் மடித்தாள். பஸ் ஹாரன் கேட்டதும் ஓடினாள்.

சாப்பாட்டுப் பணம் கட்ட முடியாமல் அவள் மகள் அந்த வருஷம் பாதியிலேயே விடுதியை விட்டு வந்துவிட்டாள். கீரைக்காரி என்னைக் குறை சொல்லவில்லை. கூடையை இறக்கிவிட்டு மேனேஜர் மேசைக்குப் போய்க் கைநாட்டு வைப்பாள், பணத்தை எடுத்துக்கொண்டு போவாள்.

அதற்குப் பிறகு சில்லறைக் கணக்கில் ஒரு ரூபாய்கூட அதிகம் வந்ததில்லை.