ஒன்றரை மணி நேரம்

என் தம்பி அமீரகத்தில், சவூதி எல்லையை ஒட்டிய ஊரில் வேலை பார்த்தான். அவன் கைப்பேசி அவ்வப்போது எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தைப் பிடித்து, மணியை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடும். வேலைக்குப் பிந்திப்போய்த் திட்டு வாங்கியதிலிருந்து, தானாக நேரம் மாறும் அமைப்பை அணைத்துவிட்டு, தானே மணி வைத்துக்கொண்டான்.

அம்மா இறந்தபோது திருவனந்தபுரத்தில் வந்திறங்கியவன், விமான நிலைய வைஃபையில் என்னை அழைத்து, "பத்தரைக்கு வந்துருவேன், அண்ணே" என்றான். ரோமிங் போடாததால் பிறகு அவனை அழைக்க முடியவில்லை. பதினொன்றேகால் வரை காத்திருந்தோம். அதற்குமேல் தாமதிக்கப் பெரியவர்கள் ஒப்பவில்லை.

அம்மாவை எரியூட்டிவிட்டு நாங்கள் சுசீந்திரம் வீட்டுக்குத் திரும்பியபோது, கழுவிவிட்ட முற்றத்தில் ரோஜா மாலையோடு நின்றிருந்தான். நேரம் இருக்கிறதென்று நினைத்து, வடசேரியில் இறங்கி நிதானமாகப் பார்த்து வாங்கிய மாலை.

"பத்தரைதானே ஆச்சு அண்ணே, அதுக்குள்ள எதுக்கு எடுத்திய?"

"மக்கா, மணி பன்னிரண்டுலே" என்றாள் சித்தி.

அவன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். அதில் அமீரகத்தின் மணிதான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டான்.