எழுப்பாதீங்க என்றேன், எழுப்பிவிட்டார்

ஆண்டவருக்குள் எனக்கு உறவான பங்கு மக்களே, என் கணவர் அந்தோணியை உங்களுக்குத் தெரியும். பூசையில் பாடகர் குழுவையே அமுக்கிவிட்டுப் பாடுகிறவர். சென்ற தவக்காலத்தில் அவர் கால் விரலில் புண் சீழ் பிடித்தது. வெகுகாலச் சர்க்கரை. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். நான் உடைந்துபோனேன். வலியில் இரவெல்லாம் புரள்வார். "ஆண்டவரே, இவர் ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்" என்பதே என் ஜெபம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இன்சுலின் போட்டதும் இட்லி வந்தது. நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது தட்டு காலி.

"சாப்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

படுத்தவர் அசையவில்லை. குறட்டைகூட இல்லை. ஜெபம் கேட்கப்பட்டது என்று ஆனந்தமாய் அழுதேன். இரவு நர்ஸ் சபீனா வந்தார்.

"சிஸ்டர், இன்னிக்குத்தான் தூங்குறாரு. எழுப்பாதீங்க."

"இன்சுலின் போட்டவங்கள தொட்டுப் பாக்காம போமாட்டேம்மா." பிடரியில் கை வைத்தவர் முகம் மாறியது. "ஏசி இவ்ளோ ஜில்லுனு கீது. இவருக்கு இன்னா இப்டி வேர்த்துக் கொட்டுது?"

உலுக்கினார். என் கணவர் ஏதோ குழறினார், கண் திறக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை வெறும் முப்பத்தாறு! நான் சர்க்கரைத் தண்ணீர் கரைக்க ஓடினேன்.

"வோணாம்மா! நினைவில்லாதவர் வாயில ஊத்தினா மூச்சுக்குழாய்க்குப் போயிடும்."

டாக்டரை அழைத்தார். கையில் ஏற்கெனவே இருந்த ஊசிக்குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இயேசுவே, இயேசுவே என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. சில நிமிடங்களில் கண் திறந்தார்.

"இன்னா, பூசைக்கு நேரமாச்சா?"

சிரித்தேன், அழுதேன். மறுபடி பார்த்தபோது சர்க்கரை நூற்றைத் தாண்டியிருந்தது. நன்றாகத் தெளிந்த பிறகு பாலும் ரொட்டியும் கொடுத்தார்கள். இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் என்று விடியும்வரை குளுக்கோஸ் சொட்டச் சொட்ட, மணிக்கொரு தரம் குத்திப் பார்த்தார் சபீனா. என் கணவர் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடுமாம். வியர்வையை மட்டும் மறைக்காதாம். டாக்டர் சொன்னார்.

உண்மை காலையில்தான் வந்தது. விரல் பிழைக்க வேண்டி மனிதர் தவக்கால வெள்ளிக்கு ஒருசந்தி உபவாசம் பிடித்திருக்கிறார்! இட்லியைப் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தள்ளிவிட்டார். "உன்கிட்ட சொன்னா வுடுவியா?" என்றார். பங்குச்சாமியாரே வந்து, நோயாளிக்கு அந்தக் கடமை கிடையாது என்று அவரை ஒரு பிடி பிடித்தார்.

விரலும் பிழைத்தது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவர் ஒறுப்பது டீக்கடை அரசியலை. அதுவே பெரிய தவம்தான். சபீனாவுக்காக நாங்கள் ஜெபிக்காத நாளில்லை.

அன்பானவர்களே, தாராளமாகக் கேளுங்கள். எப்படித் தர வேண்டும் என்பதை ஆண்டவரிடமே விட்டுவிடுங்கள். நான் தூக்கம் கேட்டேன். அவரோ, தூங்கவிடாத ஒருத்தியை அனுப்பி என் கணவரைத் திருப்பித் தந்தார். அல்லேலூயா!